புயலுக்கு முன் பாதி கட்டிய வீட்டில் செய்ய வேண்டியவை: ஷீட், சாரம், அடுக்கி வைத்த பொருள்கள்

கட்டி முடித்த வீட்டில் ஒவ்வொரு பாகமும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மேல்தளம் சுவரின் தலையைப் பிடிக்கிறது, குறுக்குச் சுவர் நெடுஞ்சுவரைப் பிடிக்கிறது. பாதி கட்டிய வீட்டில் இந்தப் பிடிமானம் இன்னும் வரவில்லை. சுவர் தனியாக நிற்கிறது, சாரம் கயிற்றில் நிற்கிறது, ஷீட் நாலு செங்கல்லின் எடையில் கிடக்கிறது. புயல் அறிவிப்பு வந்ததும் முதலில் கண்ணில் படுவது சிமெண்ட் மூட்டைதான். அது நனைந்துவிடுமே என்று ஓடுவார்கள். நனைந்த சிமெண்டால் நஷ்டம் வரும், ஆனால் பறக்கும் தகர ஷீட்டும் சாயும் சாரமும் அடுத்த வீட்டுக்காரர் உயிரையே எடுத்துவிடும். அதனால் இங்கே மழையைப் பற்றிக் கொஞ்சமாகவும் காற்றைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன்.

பேச வசதியாக ஒரு கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். முகப்பு 40 அடி. தரைத்தளத்துக்கு கான்கிரீட் தளம் போட்டாயிற்று. முதல் மாடியில் சுவர்கள் லிண்டல் மட்டம் வரை, அதாவது 7 அடிக்கு வந்திருக்கின்றன, மேலே கூரை இல்லை. முன்பக்கம் 24 அடி உயரத்துக்கு சாரம், அதன்மேல் பச்சை வலை. பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டு தகர ஷீட் போட்ட சிமெண்ட் கொட்டகை. மாடித் தளத்தில் செங்கல் அடுக்கு, சென்ட்ரிங் பலகைகள், ஓரத்தில் சாய்த்து வைத்த பிளைவுட். இதில் வழக்கத்துக்கு மாறானது எதுவுமே இல்லை, பெரும்பாலான வேலையிடங்கள் ஏதோ ஒரு மாதத்தில் இப்படித்தான் இருக்கும்.

காற்று எவ்வளவு பலமாக வரும் என்று ஒரு கணக்கு

அறிவிப்பில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும். மணிக்கு 80 முதல் 90 கி.மீ., இடையிடையே 100 கி.மீ. என்பது போல. உங்கள் வேலைக்கு இரண்டாவது எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஷீட்டைப் பிடுங்குவது சராசரிக் காற்று இல்லை, சில விநாடிகள் அடிக்கும் அந்த வீச்சுதான்.

வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நாலு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ அழுத்தம் வரும். 100 கி.மீ. வேகத்தில் அது நாலரைக் கிலோவை நெருங்கிவிடும். 10 அடி நீளமும் மூன்றரை அடி அகலமும் உள்ள ஒரு தகர ஷீட் 35 சதுர அடி. காற்று அதன் அடியில் புகுந்து தூக்கினால் 60 கி.மீ. வேகத்திலேயே 50 கிலோவுக்கு மேல் தூக்கும், 100 கி.மீ. வேகத்தில் 150 கிலோ. ஷீட்டின் சொந்த எடை 15 கிலோகூட இருக்காது. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இதைவிடக் கூடுதல்.

இதிலிருந்து ஒரு முடிவு வருகிறது. ஷீட்டின்மேல் கல் வைத்துப் பாரம் ஏற்றுவது பெரும்பாலும் வீண். ஒரு ஷீட்டை 100 கி.மீ. காற்றில் எடையால் மட்டும் பிடித்து வைக்க 25 கிலோ மணல் மூட்டை 6 வேண்டும். 20 ஷீட்டுக்கு 120 மூட்டை யார் வைக்கப் போகிறார்கள்? கழற்றித் தரையில் படுக்க வைப்பது அதைவிடச் சுலபம். லேசாகவும் அகலமாகவும் இருக்கும் எந்தப் பொருளுக்கும் இதே வரிசைதான்: முதலில் இறக்கப் பாருங்கள், முடியாவிட்டால் படுக்க வையுங்கள், அதுவும் முடியாவிட்டால்தான் கட்டுங்கள்.

இன்னொரு விஷயம், காற்று ஒரே திசையில் அடிக்காது. புயல் கடந்து போகும்போது திசை மாறும். புயலின் மையம் உங்கள் மேலேயே கடந்தால், நடுவில் சிறிது நேரம் அமைதியாக இருந்துவிட்டு நேர் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அதனால் காற்றுக்கு மறைவான பக்கம் என்று நம்பி வீட்டுக்குப் பின்னால் எதையும் சாய்த்து வைக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது

காற்று வரும் என்று சொல்லும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே புது வேலையை நிறுத்திவிடுங்கள். புதிதாகச் செங்கல் வரி ஏற்ற வேண்டாம், கான்கிரீட் போட வேண்டாம். கம்பி கட்டி முடித்து, கலவை வண்டிக்குச் சொல்லியாயிற்று, புயலுக்குள் தளத்தைப் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொல்வார். அவர் அவசரம் புரிகிறது, ஆனால் கேட்காதீர்கள். இறுகாத கான்கிரீட்டின் மேல்பரப்பை மழை கரைத்துவிடும். முட்டுகள் நிற்கும் மண் ஊறிப்போகும். அதைவிட முக்கியம், அந்த இரண்டு நாள் ஆட்களும் தளத்தில் சிக்கிக்கொள்வார்கள், சாரத்தைக் கட்டவோ ஷீட்டை இறக்கவோ ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

வேலையை மேலிருந்து கீழே செய்துகொண்டு வாருங்கள். காற்று முதலில் பலமாவது உயரத்தில்தான். கடைசி நாள் காலையில் தரையில் நின்று செய்யும் வேலை மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்.

நிறுத்தும் நேரத்தை மரத்தைப் பார்த்தே சொல்லலாம். இலை அடர்ந்த சின்ன மரங்கள் முழுசாக அசைய ஆரம்பித்தால் காற்று 30 கி.மீ.க்கு மேல் போயிற்று என்று அர்த்தம். அத்தோடு ஷீட், பிளைவுட் எதையும் கையில் தூக்கக் கூடாது. பெரிய கிளைகள் ஆடி, மின்கம்பிகள் விசிலடித்து, குடை பிடிக்க முடியாமல் போனால் 40 கி.மீ. தாண்டிவிட்டது. அப்போது சாரத்திலும் மாடியிலும் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. ஒரே ஒரு கட்டு பாக்கி என்றாலும் விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும்.

மாடித் தளத்தைக் காலி செய்வது

முதலில் மாடிக்குப் போங்கள். சுவரின் தலையில் கிடக்கும் உதிரிச் செங்கல், கலவைச் சட்டி, மட்டப்பலகை, காலிச் சாக்கு, பிளாஸ்டிக் டிரம், எல்லாம் கீழே போகட்டும். மேலிருந்து வீசாமல் கையால் இறக்குங்கள். காலி டிரம் காற்றில் உருண்டு தள ஓரத்தைத் தாண்டும், அதில் தண்ணீர் நிரப்பி வைப்பதைவிட இறக்கிவிடுவதே மேல்.

பிளைவுட்டைச் சாய்த்து வைத்திருந்தால் அது காற்றைப் பொறுத்தவரை ஒரு பாய்மரம். தரைத்தளத்தில், நாலு பக்கமும் சுவர் உள்ள ஓர் உள்ளறையில் படுக்க வையுங்கள். வாசலுக்கு நேராக வேண்டாம்.

செங்கல் அடுக்கைப் பொறுத்தவரை கவலை வேறு. செங்கல் பறக்காது, ஆனால் அடுக்கு சரியும். தள ஓரத்திலிருந்து 6 அடியாவது உள்ளே இருக்கட்டும், இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். எல்லா அடுக்கையும் ஒரே இடத்தில் குவித்தால் தளத்துக்குப் பாரம் கூடும் என்பதால் பீமுக்கு மேலே பிரித்து வையுங்கள். காற்றுக்கல் எனப்படும் லேசான பிளாக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதே கன அளவு செங்கல்லோடு ஒப்பிட்டால் அது மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும், மேல்வரிசை ஒன்றிரண்டு காற்றில் நகர்ந்து விழக் கூடும். அந்த அடுக்கின்மேல் வலை போட்டுக் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டுங்கள்.

அடுத்த மாடிக்கு என்று நிறுத்தி வைத்த தூண் கம்பிக் கூடுகளையும் மறக்காதீர்கள். வளையம் கட்டி, கான்கிரீட் போடாமல் நிற்கும் 10 அடிக் கூடு காற்றில் ஆடி அடியில் வளைந்துவிடும். ஒவ்வொன்றையும் முக்கால் உயரத்தில் மூன்று திசையில் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள், அல்லது வரிசையாக இருக்கும் கூடுகளைக் குறுக்குக் கம்பால் ஒன்றோடொன்று இணைத்து இரண்டு கடைசியிலும் இழுத்துக் கட்டுங்கள். கூட்டைச் சுற்றி சென்ட்ரிங் பலகை அடைத்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். கம்பிக்குள் காற்று புகுந்து போகும், பலகை அதைத் தடுத்து நிறுத்தும்.

தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்து, ஷீட் பரப்பி, கான்கிரீட் போடாத நிலையில் மாட்டிக்கொண்டால் அதுதான் மிக மோசமான நிலை. அடியில் திறந்தவெளி, மேலே ஆணியில்லாத ஷீட்டுகள். கம்பி வலை இன்னும் கட்டவில்லை என்றால் ஷீட்டை எடுத்துவிடுங்கள், மறுபடி பரப்ப ஒரு நாள்தான் ஆகும். கம்பி வலை கட்டியாயிற்று என்றால் வலையைத் தூண் கம்பிகளோடும் பீம் கம்பிகளோடும் எல்லா இடத்திலும் கட்டுக்கம்பியால் பிணைத்துவிட்டு, ஓரத்து ஷீட்டுகளை அடியிலுள்ள மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். முட்டுகளுக்குக் குறுக்காக, பெருக்கல் குறி வடிவில் கம்பு அடிக்கவும். முட்டு பாரத்தைத் தாங்கத்தான் வைத்தது, பக்கவாட்டுத் தள்ளலை அது தனியாகத் தாங்காது.

தனியாக நிற்கும் சுவர்

நம் கட்டிடத்தில் மாடிச் சுவர் 7 அடி. காற்று 100 கி.மீ. வேகத்தில் அதைத் தள்ளும்போது, சுவரின் சொந்த எடை மட்டுமே அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 9 அங்குலச் சுவரே தோற்கும் எல்லையைக் கொஞ்சம் தாண்டிவிடுகிறது. நாலரை அங்குலச் சுவரில் தள்ளும் விசை தாங்கும் விசையைப் போல ஏறக்குறைய 5 மடங்கு. நன்றாக இறுகிய சாந்தும் குறுக்குச் சுவரும் தூணும் இதில் பெரும்பகுதியை ஈடுகட்டும். ஆனால் இரண்டு மூன்று நாளுக்குள் கட்டிய வரிகளில் சாந்தின் பிடியை நம்ப முடியாது.

ஆகவே சுவரில் எது ஆபத்து என்று பாருங்கள். இரண்டு தூணுக்கு நடுவே பிடித்துக் கட்டிய சுவர் பரவாயில்லை. குறுக்குச் சுவர் இல்லாமல் நீளமாக ஓடும் சுவர், ஒரு முனை காற்றில் நிற்கும் சுவர், நாலரை அங்குலத் தடுப்பு, புதிதாகக் கட்டிய கைப்பிடிச் சுவர், இவைதான் விழும். இவற்றுக்கு இரு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் திசை மாறும்போது மறுபக்கம் விழுந்துவிடும். சுவரின் முக்கால் உயரத்தில் ஒரு பலகையைக் கிடையாக வைத்து, அதில் கம்பின் தலையைப் பொருத்தி, அடியைத் தளத்தில் நகராதபடி ஒரு கட்டையில் அணைத்துவிடுங்கள். 6 முதல் 8 அடிக்கு ஒன்று. கம்பு மிகச் செங்குத்தாக நின்றால் பிடிக்காது, நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

முட்டுக் கொடுக்க நேரமோ ஆளோ இல்லை என்றால், நேற்றும் இன்றும் கட்டிய நாலரை அங்குல வரிகளைப் பிரித்துச் செங்கல்லைக் கழுவி அடுக்கிவிடுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் சாந்து ஈரமாக இருக்கும்போது செங்கல் முழுசாக வரும், விழுந்த சுவரிலிருந்து அப்படி வராது. அந்தச் சுவருக்கு அடுத்தாற்போல் யாராவது குடியிருந்தால் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து அறையில் அன்று ராத்திரி படுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

சாரம்: முதலில் வலையை அவிழ்க்க வேண்டும்

இந்த முழு வேலையிலும் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், சாரத்தில் கட்டிய பச்சை வலையை அவிழ்த்து இறக்குங்கள். நம் சாரம் 40 அடிக்கு 24 அடி, மொத்தம் 960 சதுர அடி. வலை காற்றில் பாதியைத்தான் தடுக்கிறது என்று வைத்தாலும் 100 கி.மீ. வேகத்தில் சாரத்தின்மேல் 2 டன்னுக்கு மேல் தள்ளல் விழும். வலை இல்லாவிட்டால் கம்பும் பலகையும் மட்டும்தான், தள்ளல் அதில் ஒரு சிறு பங்காகக் குறைந்துவிடும். வலையைக் கிழித்து ஓட்டை போட்டு விடுவதும், அடியை மட்டும் அவிழ்த்து மேலே சுருட்டி வைப்பதும் உதவாது. சுருட்டியது மழையில் ஊறிக் கனக்கும், அவிழ்ந்தால் மின்கம்பியில் போய் விழும். விளம்பரப் பதாகை, தார்பாய், நிழலுக்குக் கட்டிய சாக்கு எல்லாம் இதே கணக்குதான்.

அடுத்தது பலகைகள். மேல் அடுக்குப் பலகைகளை இறக்கிவிடுங்கள். அதைத் தவிர மிச்சத்தில் கட்டாமல் வெறுமனே கிடக்கும் பலகை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டு முனையிலும் கட்டுங்கள்.

பிறகு உயரத்தைப் பாருங்கள். சாரத்தின் உயரம் அடி அகலத்தைப் போல 4 மடங்கைத் தாண்டினால் அது கட்டிடத்தின் பிடி இல்லாமல் நிற்கவே கூடாது. 3 அடி அகலச் சாரம் 24 அடி உயரத்தில் நிற்கும்போது அது 8 மடங்கு. கடைசிக் கட்டுக்கு மேலே தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கழற்றுங்கள். நம் கட்டிடத்தில் அது லிண்டலுக்கு மேலே நிற்கும் பகுதி. சுவர் இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை, அங்கே கட்டிப் பிடிக்க எதுவுமே இல்லை.

சாரத்தைக் கட்டிடத்தோடு பிணைப்பது

இங்கேதான் நல்ல மேஸ்திரிகள்கூடத் தவறுவார்கள். கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டோம், போதும் என்பார்கள். கயிறு இழுப்பைத்தான் தாங்கும். காற்று வெளியிலிருந்து சுவரை நோக்கி அடிக்கும்போது கயிறு தொய்ந்துவிடும், சாரம் சுவரில் போய் மோதும், அடுத்த வீச்சில் வெளியே இழுபட்டுக் கயிறு வெட்டி இழுக்கும். இப்படிச் சில மணி நேரம் முன்னும் பின்னும் ஆடினால் எந்த முடிச்சும் தளர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு பிணைப்பிலும் இழுக்கவும் தள்ளவும் இரண்டுக்கும் பிடி இருக்க வேண்டும்.

ஜன்னல் திறப்பு வழியாகச் செய்வது எளிது. திறப்பைவிட இரு பக்கமும் ஒரு அடி அதிக நீளமுள்ள கம்பு ஒன்றை உள்பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடையாக வையுங்கள். வெளிப்பக்கமும் அதேபோல் ஒன்று. இரண்டையும் சாரத்தின் நிற்கும் கம்போடு இணைக்க, மூன்றாவது கம்பு ஒன்றைத் திறப்பு வழியாக உள்ளிருந்து வெளியே நீட்டி, மூன்று இடத்திலும் இறுக்கிக் கட்டுங்கள். இப்போது உள்கம்பு சாரத்தை வெளியே போக விடாது, வெளிக்கம்பு உள்ளே வர விடாது. இரும்புக் குழாய்ச் சாரம் என்றால் கயிறுக்குப் பதில் கிளாம்ப்.

தளத்தின் மட்டத்தில் தூண் தெரியும் இடங்களில் தூணைச் சுற்றியே கட்டிவிடலாம். சாரத்துக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு கட்டையைச் சரியான நீளத்துக்கு அறுத்து இறுகச் செருகிவிட்டு, 8 கேஜ் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு கம்பித் துண்டை நடுவில் நுழைத்து முறுக்கி இறுக்குங்கள். கம்பி விறைத்து, தட்டினால் ஓசை வரும் வரை போதும். அதற்கு மேல் முறுக்கினால் முறுக்கிலேயே அறுந்துவிடும். கம்பி கட்டும் மெல்லிய கட்டுக்கம்பி இதற்கு ஆகாது. நைலான் கயிறு நனைந்தால் நீளும். தேங்காய் நார்க்கயிறு நனையும்போது இறுகி, காயும்போது தளரும். கயிறுதான் இருக்கிறது என்றால் மழை தொடங்கியபின் கீழே நின்று கைக்கு எட்டும் கட்டுகளையாவது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நம் 40 அடி முகப்பில் தூண்கள் 4 என்றால், தளத்தின் மட்டத்தில் 4, மாடி ஜன்னல் வழியாக 4, மொத்தம் 8 பிணைப்பு வரும். இரண்டு கடைசி முனைகளும் கண்டிப்பாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், முனையில்தான் அடி அதிகம். பிணைப்பு உட்கார வேண்டியது தூணில், பீமில், நன்றாக இறுகிய சுவரில். ஜன்னல் சட்டம், சன்ஷேடு கம்பி, மழைநீர்க் குழாய், புதுக் கைப்பிடிச் சுவர் இவற்றில் எதிலும் கட்டாதீர்கள். சாரம் விழும்போது அதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும்.

இத்தனை செய்தபின் சாரத்தின் நீளவாக்கில் குறுக்குக் கம்புகள் இருக்கின்றனவா என்று தள்ளி நின்று பாருங்கள். வேலை செய்யும்போது வழி மறிக்கிறது என்று நடுவில் ஒன்றிரண்டை யாராவது கழற்றியிருப்பார்கள். ஒரு பிணைப்பையும் அப்படியே கழற்றியிருப்பார்கள், பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்று.

கடைசியாகக் கால்கள். நிற்கும் கம்பின் அடியில் பலகை இருக்கிறதா? புயலோடு வரும் மழை அந்த மண்ணை ஊறவைத்துவிடும், கூரைத் தண்ணீர் கொட்டும் இடம் என்றால் அரித்தே விடும். சாரத்துக்கு வெளியே ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள். ஒரு கால் இறங்கினாலும் மொத்தப் பாரமும் மற்ற கட்டுகளில் போய் விழும்.

கொட்டகையும் தகர ஷீட்டும்

சிமெண்ட் கொட்டகையை நிறுத்தி வைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். ஒரு பக்கம் திறந்த கொட்டகைக்குள் காற்று புகுந்தால் உள்ளிருந்து தள்ளுகிறது, மேலிருந்து இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து ஷீட்டைப் பிய்க்கும். முதலில் சிமெண்டை எடுத்துத் தரைத்தள உள்ளறையில் வையுங்கள். தரையிலிருந்து அரை அடி உயர்த்திய பலகை மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி, 10 மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல். தார்பாயை மேலே போர்த்தி விளிம்பை அடுக்கின் அடியில் செருகிவிடுங்கள்.

ஷீட்டைக் கழற்றும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வரிசையைப் பார்த்து, மேலே ஏறியிருப்பதை முதலில் எடுங்கள். ஒரு ஷீட்டுக்கு இரண்டு பேர். கையுறை போட்டு, தலைக்கு மேல் தூக்காமல், மெல்லிய விளிம்பு காற்றைப் பார்த்திருக்கும்படி தாழ்வாகக் கொண்டுபோக வேண்டும். ஆணியையோ கொக்கியையோ முழுசாகக் கழற்றிவிட்டு, அடுத்த ஷீட்டில் பாதியில் விட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. பாதி கழற்றிய ஷீட் முழு ஷீட்டைவிட வேகமாகப் பறக்கும்.

இனி அடுக்குவது. 40 ஷீட் சேர்ந்தால் அரை டன், அதை எந்தக் காற்று தூக்கும் என்று தோன்றும். காற்று 40-ஐயும் சேர்த்துத் தூக்குவதில்லை, மேலே இருக்கும் ஒன்றைத் தூக்கும், அப்புறம் அடுத்ததை. அதனால் அடுக்கு முழுவதும் ஒரே பொருளாக வேண்டும். தரையில் இரண்டு மரச்சட்டம் வைத்து அதன்மேல் ஷீட்டுகளை அடுக்கி, கீழே சட்டம் இருக்கும் அதே இடத்துக்கு நேர் மேலே இன்னும் இரண்டு சட்டம் வையுங்கள். மேல்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் இரு முனையிலும் 8 கேஜ் கம்பியால் கட்டி முறுக்குங்கள். கையை வைத்து மேல் ஷீட்டின் மூலையைத் தூக்கிப் பாருங்கள். விரல் நுழையும் அளவுக்குத் திறந்தால் காற்றும் நுழையும், இன்னொரு சட்டம் போடுங்கள்.

அறையில் இடமில்லை, வெளியேதான் வைக்க வேண்டும் என்றால் இதே கட்டுக்கு மேல் இரும்புக் கம்பிகளைப் பாரமாக ஏற்றலாம். 12 மி.மீ. முறுக்குக் கம்பி, 12 மீட்டர் நீளத்தில் ஒன்று பத்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பத்துக் கம்பி போட்டால் 100 கிலோ தாண்டிவிடும். அதோடு கம்பி காற்றைப் பிடிக்காது. செங்கல்லை வைத்தால் அதுவே உருண்டு விழும்.

கூரைக்கு ஷீட் பொருத்திக்கொண்டிருக்கும்போதே புயல் வந்தால், அரைகுறைக் கூரைதான் மிகவும் பலவீனமானது. முழு வரிசையும் திருகு போட்டு முடிக்க ஒரு நாள் போதுமென்றால் முடியுங்கள், ஓரத்து வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் திருகு போடுங்கள். முடியாதென்றால் முழுசாகத் திருகு போடாத ஷீட் எல்லாவற்றையும் இறக்கிவிட்டுச் சட்டத்தை வெறுமனே நிற்க விடுங்கள். வெறும் சட்டத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

கடைசி நாள் காலை

தற்காலிக மின் இணைப்பை மெயினிலேயே துண்டித்துவிடுங்கள். கலவை இயந்திரம், மோட்டார், வெட்டும் கருவி எல்லாம் உள்ளே. தூக்கு இயந்திரத்தின் வாளியைத் தரையில் இறக்கி, இயந்திரத்தின் கையைக் கழற்றுங்கள். தள ஓரத்திலும் தரையிலும் தண்ணீர் வெளியேறும் வழிகளைத் திறந்துவிடுங்கள்.

வேலையாட்கள் கொட்டகையில் தங்கியிருந்தால் காற்று கூடுவதற்கு முன்பே நல்ல கட்டிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பொருளைக் காவல் காக்க ஒருவரை இங்கே விட்டுச் செல்வது என்ற பேச்சே வேண்டாம். மேலே கூரையில்லாத, சுவர் தனியாக நிற்கும் கட்டிடத்துக்குள் இரவைக் கழிப்பது அந்த ஆளுக்கு ஆபத்து. இந்த நேரத்திலேயே நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு எது நகர்ந்தது என்று ஒப்பிட அது உதவும்.

காற்று ஓய்ந்த பிறகு

நடுவில் திடீரென்று அமைதியானால் வெளியே வராதீர்கள், புயல் முழுசாகக் கடந்துவிட்டது என்ற அறிவிப்புக்குக் காத்திருங்கள். அப்புறம் முதலில் வெளியே நின்றபடி சுற்றி வாருங்கள். அறுந்த மின்கம்பி சாரத்திலோ கம்பிக் கட்டிலோ கிடக்கிறதா? கிடந்தால் யாரும் நெருங்காமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

பிறகு சுவர்கள். முட்டுக் கொடுத்த சுவரில் தூக்குக் குண்டு வைத்துப் பாருங்கள். அடி வரியில், லிண்டலுக்குக் கீழே, தூணும் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் சுவர் ஆடியிருக்கிறது என்று பொருள். அதன்மேல் தொடர்ந்து கட்டக் கூடாது, விரிசல் வரை பிரித்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். முட்டுகளை அதுவரை எடுக்காதீர்கள்.

சாரத்தில் ஏறுவதற்கு முன் கீழிருந்து கால்களைப் பாருங்கள். பலகை மண்ணில் புதைந்திருக்கிறதா, அடியில் மண் அரித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று. அடுத்து ஒவ்வொரு பிணைப்பும். கம்பி தளர்ந்து, கட்டை விழுந்து, சுவரில் கம்பு உரசிய தடம் தெரிந்தால் சாரம் அந்த இடத்தில் ஆடியிருக்கிறது, அந்தப் பிணைப்பை முழுசாக மாற்றுங்கள். நனைந்த கயிறு காய்ந்தபின் மறுபடியும் எல்லா முடிச்சையும் இறுக்க வேண்டியிருக்கும், அதனால் முதல் வெயில் நாளில் இன்னொரு முறை சுற்றி வாருங்கள். அந்தச் சுற்று முடிந்த பிறகே பலகைகளை ஏற்றுங்கள். வலையைத் திரும்பக் கட்டுவது அதற்கும் அப்புறம்.